1/500-க்குள் இருந்தும் செங்கல் சுவர் ஏன் வெடிக்கிறது?

*கேள்வி: கேலாங் பக்கம் 1960களில் கட்டிய ஓரத் தரைவீடு எங்களுடையது. வீட்டின் பின்மனையில் நிலத்தடித் தளத்துக்காகத் தோண்டுகிறார்கள். 12 மீட்டர் நீளமுள்ள எங்கள் பக்கச் சுவரில் ஐந்து அளவுக் குறிகள் வைத்திருக்கிறார்கள். முன்னாலிருந்து பின்னால் வரை அமிழ்வு 0, 1, 3, 8, 16 மி.மீ. அவர்களுடைய பொறியாளர் "1/750தான் வருகிறது, வரம்பு 1/500, கவலை வேண்டாம்" என்கிறார். ஆனால் மாடிச் சுவரில் விரிசல் வந்துவிட்டது. வரம்புக்குள் இருந்தால் விரிசல் எப்படி வரும்?*

அவர் கணக்கில் பிழை இல்லை. 16 மி.மீ.யை 12 மீட்டரால் வகுத்தால் 1/750தான். ஆனால் அந்த 1/500 என்ற வரம்பு உங்கள் வீட்டைப் போன்ற வீட்டுக்காக வந்ததல்ல. இன்னொன்று, அந்த வகுத்தல் உங்கள் சுவருக்கு நேர்ந்ததை அளக்கவே இல்லை. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1956இல் ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற இரு பொறியாளர்கள் 98 கட்டடங்களின் அமிழ்வுப் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான அமிழ்வு வேறுபாட்டை அவற்றின் இடைவெளியால் வகுத்தபோது, 1/300ஐத் தாண்டிய கட்டடங்களில் சுவர்கள் வெடிப்பது தெரிந்தது. 1/150 அளவில் தூண்களும் உத்தரங்களும் சேதப்பட்டன. வடிவமைப்பில் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கட்டும் என்று 1/500ஐப் பரிந்துரைத்தார்கள். அவர்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை எஃகு அல்லது கான்கிரீட் சட்டகக் கட்டடங்கள். அங்கே சுமையைத் தாங்குவது தூணும் உத்தரமும், செங்கல் வெறும் நிரப்புச் சுவர். இன்று சிங்கப்பூரில் புதிதாகக் கட்டும் தரைவீடுகளும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த வகைக்கு 1/500 நல்ல வரம்பு. நானே பயன்படுத்துகிறேன்.

உங்கள் வீடு 1960களுடையது என்கிறீர்கள். அந்தக் காலத்து வரிசை வீடுகள் பலவற்றில் செங்கல் சுவரே மாடியையும் கூரையையும் தாங்கும், தூண் இருக்காது. உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. சுவர் 9 அங்குலத் தடிமனில் ஒரே சீராகப் போகிறதா, தட்டிப் பார்த்தால் மூலைகளிலும் செங்கல் ஒலிதானா, அல்லது மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு கான்கிரீட் தூண் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இனி சொல்லப்போவதெல்லாம் தூண் இல்லாத சுவருக்கு.

சட்டக வீட்டில் ஒரு ஓரம் தாழும்போது அந்த வளைவைத் தூண்கள் துண்டு துண்டாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு நிரப்புச் சுவரும் மூன்று நான்கு மீட்டர்தான், அதன் தலைக்கு மேல் ஒரு கான்கிரீட் உத்தரம் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் சுவர் 12 மீட்டர் நீளத்துக்கு ஒரே பலகை. இழுவையைத் தாங்க அதற்குள் கம்பி கிடையாது. செங்கல்லும் கலவையும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஒரு மீட்டர் சுவர் முக்கால் மில்லிமீட்டர் நீண்டாலே, அதாவது 0.075 சதவீதம் நீண்டாலே, கண்ணுக்குத் தெரியும் விரிசல் தொடங்கும் என்பது பர்லாண்டு, ராத் என்ற இரு பொறியாளர்கள் 1974இல் முன்வைத்த கணக்கு.

இப்போது அளவைப் பார்ப்போம். சுவர் முழுவதும் ஒரே சாய்வாகச் சாய்ந்தால் வெடிக்காது. ஒரு மேசையைப் பக்கவாட்டில் சற்றுச் சாய்த்தால் பலகை உடைந்துவிடுமா என்ன? பலகையை வளைத்தால்தான் உடையும். ஆகவே மொத்த அமிழ்வு வேறுபாட்டிலிருந்து சாய்வைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் வளைவை மட்டும் பார்க்க வேண்டும்.

ஒரு கட்டத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐந்து அளவுகளையும் 3 மீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி வையுங்கள். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். சுவர் வெறுமனே சாய்ந்திருந்தால் நடுவிலுள்ள மூன்று குறிகளும் 4, 8, 12 மி.மீ. தாழ்ந்து அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். உண்மையில் அவை தாழ்ந்தது 1, 3, 8 மி.மீ. மட்டுமே. அதாவது நேர்கோட்டைவிட 3, 5, 4 மி.மீ. உயரத்தில் நிற்கின்றன. அதிகபட்சம் நட்டநடுவில், 5 மி.மீ. இதை 12 மீட்டரால் வகுத்தால் 1/2400. இதுதான் வளைவு விகிதம், செங்கல் சுவருக்குப் பார்க்க வேண்டிய எண்.

நடுப்புள்ளிகள் கோட்டுக்கு மேலே நிற்கின்றன என்பதையும் கவனியுங்கள். சுவர் பூனை முதுகைத் தூக்குவது போல வளைந்திருக்கிறது. இதை முதுகு வளைவு என்போம். நடுப்பகுதி தாழ்ந்து ஓரங்கள் நின்றால் அது தொய்வு. எந்தப் பக்கம் வளைகிறது என்பதைப் பொறுத்து வரம்பே பாதியாகிவிடும்.

தொய்வில் சுவரின் அடிப்பாகம் இழுபடுகிறது. அடியில் அஸ்திவாரம் இருக்கிறது, அதை மண் இறுகப் பிடித்திருக்கிறது, மேலிருந்து வீட்டின் எடையும் அழுத்துகிறது, அதனால் எளிதில் நீளாது. முதுகு வளைவில் இழுபடுவது சுவரின் தலைப்பாகம். அங்கே ஒரு மரச்சட்டமும் கூரை ஓடுகளும்தான் இருக்கும், பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அதனால்தான் பர்லாண்டும் ராத்தும் சுமை தாங்கும் செங்கல் சுவருக்கு இரண்டு வரம்பு கொடுத்தார்கள். சுவரின் நீளமும் உயரமும் சமமாக இருந்தால் தொய்வுக்கு 1/2500, முதுகு வளைவுக்கு 1/5000. நீளம் உயரத்தைப் போல ஐந்து மடங்கு என்றால் தொய்வுக்கு 1/1250, முதுகு வளைவுக்கு 1/2500.

உங்கள் சுவர் இரண்டு மாடி உயரம், ஏறக்குறைய 6 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். நீளம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. இடைப்பட்ட அளவாகக் கணக்கிட்டால் தொய்வுக்கு ஏறக்குறைய 1/2000, முதுகு வளைவுக்கு 1/4000. மில்லிமீட்டரில் சொன்னால் முதலாவது 6, இரண்டாவது 3. உங்கள் வளைவு 5 மி.மீ. இதே 5 மி.மீ. தொய்வாக வந்திருந்தால் சுவர் பெரும்பாலும் தப்பித்திருக்கும். முதுகு வளைவாக வந்ததால் வரம்பைத் தாண்டிவிட்டது. அந்த ஐந்து குறிகளின் அளவுகளிலேயே உங்கள் விரிசலுக்கான விளக்கம் இருந்திருக்கிறது.

சிங்கப்பூரில் பின்பற்றப்படும், அஸ்திவார வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதிமுறையான யூரோகோட் 7-இன் பிற்சேர்க்கையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. சட்டகம், நிரப்புச் சுவர், சுமை தாங்கும் சுவர் எல்லாவற்றுக்கும் ஒரே எண் பொருந்தாது, கட்டடத்தைப் பொறுத்து 1/2000 முதல் 1/300 வரை மாறும், 1/500 பலவற்றுக்கு ஏற்கத்தக்கது என்கிறது. அடுத்த வரியை மட்டும் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்: இந்த எண்கள் தொய்வுக்கானவை, முதுகு வளைவு என்றால் பாதியாக்க வேண்டும். பாதியாக்கினால் 1/500 என்பது 1/1000 ஆகிவிடும். உங்கள் 1/750 அதையே தாண்டுகிறது. அந்தப் பொறியாளரிடம் மரியாதையாக இந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டுங்கள், பேச்சு வேறு தளத்துக்குப் போகும்.

"வெறும் 5 மில்லிமீட்டர்தானே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சுவர் நடுவில் ஒரே இடத்தில் கீல் வைத்தது போல மடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாதிகளும் 6 மீட்டர் நீளம். நடுப்புள்ளி 5 மி.மீ. உயரத்தில் நிற்பதால் ஒவ்வொரு பாதியும் 1/1200 சாய்வில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து 1/600 மடிப்பு. அடியில் அது மூடியே இருக்கும். 6 மீட்டர் உயரத்தில், கூரைக்கடியில், திறப்பு 10 மி.மீ. ஆகியிருக்கும். அங்கே சுண்டுவிரல் நுனி நுழையும். உண்மையில் வளைவு ஒரே இடத்தில் குவியாமல் இரண்டு மூன்று விரிசல்களாகப் பிரியும், கொஞ்சத்தைக் கலவை மூட்டுகள் நழுவி வாங்கிக்கொள்ளும், அதனால் அவ்வளவு அகலம் வராது. ஆனாலும் 5 மி.மீ. வளைவு சின்ன விஷயம் அல்ல என்பது இதிலிருந்து புரியும்.

விரிசலின் உருவமும் இதையே சொல்லும். சில வருடங்களுக்கு முன் உங்களுடையதைப் போன்ற ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், அங்கேயும் பின்பக்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரப் பெரியவர் மாடி அறைக்கு அழைத்துப்போய், "தம்பி, கீழே ஒண்ணுமே இல்ல, மேல மட்டும் வாயைப் பிளக்குது பாருங்க" என்றார். ஜன்னலின் மேல்மூலையில் தொடங்கி ஓட்டுக்கு அடிவரை ஒரு விரிசல். அகலத்தை ஒப்பிட்டு அளக்கக் கோடுகள் அச்சிட்ட விரிசல் அட்டையை வைத்துப் பார்த்தேன். கூரையருகே 2 மி.மீ., ஜன்னல் மூலையில் 0.4 மி.மீ., கீழ்த்தளத்தில் மயிரிழைகூட இல்லை. பூச்சை ஒரு கை அகலத்துக்குக் கொத்தி எடுத்தோம். உள்ளே செங்கல்கள் முழுசாக இருந்தன. கலவை மூட்டு வழியாக மட்டும் ஒரு வரி மேலே, அரைச் செங்கல் பக்கவாட்டில், மறுபடி ஒரு வரி மேலே என்று படிக்கட்டு போல ஏறியிருந்தது. ஏறிய திசை பின்பக்கம், பள்ளம் இருந்த பக்கம். தாழும் பக்கத்தை நோக்கித்தான் சாய்ந்த விரிசல் மேலேறும். உங்கள் சுவரிலும் அகலம் மேலே அதிகமாகி, சாய்வு பின்பக்கம் நோக்கி ஏறினால், வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எல்லா விரிசலும் அமிழ்வால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூரைத் தளத்துக்கோ உத்தரத்துக்கோ ஒட்டிப் படுக்கையாக ஓடும் மெல்லிய கோடு பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. பழைய வீட்டுக்கும் பின்னாளில் இழுத்துக் கட்டிய சமையலறைக்கும் நடுவே நேர்க்குத்தாக ஒரே அகலத்தில் நிற்கும் கோடு, இரண்டு அஸ்திவாரங்களும் தனித்தனியாக இறங்குவதால் வரும் பிரிவு. விளிம்பில் பழைய பெயிண்ட், தூசி, சிலந்தி வலை இருந்தால் அது பழைய விரிசல். புதியதன் விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருக்கும்.

இனி, அமிழ்வு ஏன் இப்படி ஓரத்தில் மட்டும் குவிகிறது என்ற கேள்வி. பள்ளம் தோண்டும்போது அதைச் சுற்றிய தடுப்புச் சுவர் சற்று உள்நோக்கி நகரும், பின்னாலுள்ள மண் அந்த இடத்தை நிரப்ப இறங்கும். பள்ளத்துக்கு அருகில் இறக்கம் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். பள்ளத்தை நோக்கி நீண்டு நிற்கும் உங்கள் பக்கச் சுவர் அதனால்தான் முதுகை வளைக்கிறது. மண் கீழே இறங்குவதோடு பள்ளத்தை நோக்கிப் பக்கவாட்டிலும் நகர்கிறது. அது அஸ்திவாரத்தையே நீளவாக்கில் இழுக்கும். பாஸ்கார்டின், கார்டிங் என்ற ஆய்வாளர்கள் 1989இல் இந்தப் பக்க இழுவையையும் வளைவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று காட்டினார்கள். ஆகவே உங்கள் 5 மி.மீ. கணக்கு உண்மையான சிரமத்தைக் குறைத்தே காட்டுகிறது. குறிகளுக்கு இடையிலான படுக்கைத் தூரம் மாறுகிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள். 12 மீட்டரில் 6 மி.மீ. நீண்டாலே, விரிசல் தொடங்கும் அந்த 0.075 சதவீதத்தில் 0.05 சதவீதம் அதிலேயே போய்விடும்.

கேலாங், காலாங் வட்டாரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே பல இடங்களில் அடியில் இருப்பது காலாங் அமைப்பைச் சேர்ந்த கடல் களிமண், மென்மையானது, தண்ணீர் நிறைந்தது. பள்ளத்துக்குள் நிலத்தடி நீர் கசிந்து, வெளியே நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அந்தக் களிமண் மேல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் கூடுதல் சுமை வைத்ததற்குச் சமம். களிமண் உடனே இறங்காது. தண்ணீர் மெல்ல மெல்லப் பிழியப்படும், மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில். தோண்டும் வேலை முடிந்து இயந்திரங்கள் போன பிறகும் விரிசல் வளர்வதற்கு இதுதான் காரணம். பழைய வீடுகள் சிலவற்றின் அடியில் பக்காவ் மரக் கழிகள் இருக்கும், சதுப்புநில மரத்தை நட்டுக் கட்டியவை. அவை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்வரை கெடாது, நீர்மட்டம் இறங்கி மேல்முனை வெளியே வந்தால் உளுக்க ஆரம்பிக்கும். ஆகவே அமிழ்வு அளவுகளோடு, நிலத்தடி நீர்மட்டத்தைப் பார்க்க இறக்கிய குழாயின் அளவையும் கேட்டு வாங்குங்கள். நீர்மட்டம் இறங்கியிருந்தால் இன்றைய 16 மி.மீ. இறுதி எண் அல்ல.

உங்கள் அளவுகளின் நம்பகத்தன்மையையும் பார்க்க வேண்டும். நுண்மட்டக் கருவியால் கவனமாக எடுத்தால் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பிழை இருக்கலாம். தானியங்கிக் கருவி சுவரில் பொருத்திய கண்ணாடிகளைப் பார்த்து அளப்பது என்றால் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தள்ளாடும். 3 மி.மீ. வரம்பைச் சரிபார்க்க இரண்டாவது வகை போதாது, ஒரு நாள் எண்ணை வைத்துப் பதறவும் கூடாது, ஆறுதல் அடையவும் கூடாது. அதைவிட முக்கியம், முதல் அளவு எப்போது எடுக்கப்பட்டது என்பது. பள்ளத்தைச் சுற்றித் தடுப்புத் தகடுகளை மண்ணுக்குள் அடித்து முடித்த பிறகு எடுத்திருந்தால், அடிக்கும்போது இறங்கியது கணக்கிலேயே வராது. குறி தரையில் இருக்கிறதா சுவரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தரை இறங்குவதும் சுவர் இறங்குவதும் ஒன்றல்ல.

சரி, இந்த விரிசல் எவ்வளவு மோசம்? 1977இல் பர்லாண்டும் அவருடன் எழுதியவர்களும் தந்த வகைப்பாடுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1 மி.மீ. வரை பெயிண்ட் அடிக்கும்போது மறைத்துவிடலாம். 5 மி.மீ. வரை நிரப்பிப் பூசினால் போதும், கதவு ஜன்னல் லேசாக இறுகலாம். 5 முதல் 15 வரை என்றால் செங்கல்லைக் கொத்தி எடுத்து மாற்ற வேண்டிய இடங்கள் வரும், மழைத்தண்ணீர் உள்ளே வரும், குழாய்கள் விட்டுப்போகலாம். 15ஐத் தாண்டினால் சுவரின் பகுதிகளை இடித்துக் கட்ட வேண்டிவரும், 25ஐத் தாண்டினால் வீட்டின் நிலைத்தன்மையே கேள்வி. அகலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, எத்தனை விரிசல் என்பதும் சேரும். உங்கள் விரிசலின் அகலத்தை நீங்கள் சொல்லவில்லை. வளைவு 5 மி.மீ. என்பதால் 5 மி.மீ.க்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் வீடு விழும் ஆபத்து இப்போதைக்கு இல்லை. ஆனால் பின்மனையில் இன்னும் ஆழமாகப் போகப்போகிறார்கள் என்றால் அதே போக்கில் அது அடுத்த வகைக்குப் போகும்.

அதனால் இப்போது செய்ய வேண்டியது இது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் மூன்று இடங்களைக் குறித்து, வாரம் ஒருமுறை விரிசல் அட்டையால் அளந்து, ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். அமிழ்வு அளவுகளை ஐந்து குறிக்கும் தனித்தனியாக, முதல் நாளிலிருந்து, எழுத்தில் கேளுங்கள். "அதிகபட்சம் இவ்வளவு" என்ற ஒற்றை எண் போதாது, அதிலிருந்து வளைவைக் கணக்கிட முடியாது. உங்களுக்காக மட்டும் பார்க்கிற ஒரு பதிவுபெற்ற பொறியாளரை வைத்து, எச்சரிக்கை நிலையை அமிழ்வுக்கு மட்டும் வைக்காமல் வளைவுக்கும் வைக்கச் சொல்லுங்கள். இந்தச் சுவரில் 2 மி.மீ. வளைவில் எச்சரிக்கை, 3இல் வேலை நிறுத்தம் என்று தொடக்கத்திலேயே வைத்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. கட்டட, கட்டுமான ஆணையத்திடம் முறையிடப் போனாலும், கட்டத்தாளில் வரைந்த அந்த வளைவுதான் உங்களுக்காகப் பேசும்.

பூசி மூட அவசரப்படாதீர்கள். நகர்ந்துகொண்டிருக்கும் விரிசலில் கெட்டியான சிமெண்ட் கலவையை அடைத்தால் அது ஆப்பு போல உட்கார்ந்துகொள்ளும், சுவர் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். மழை உள்ளே வராமல் இருக்க வெளிப்பக்கம் இழுவைத் தன்மையுள்ள சீலன்ட் மட்டும் போதும். அமிழ்வும் நீர்மட்டமும் தொடர்ந்து மூன்று நான்கு மாதம் அசையாமல் நின்ற பிறகு, விரிசலுக்குக் குறுக்கே கலவை மூட்டுகளைக் கீறி, துருப்பிடிக்காத முறுக்குக் கம்பிகளை இரு பக்கமும் அரை மீட்டருக்குக் குறையாமல் நீளவிட்டுப் பதித்து, அப்புறம் பூச்சு வேலைக்குப் போகலாம். சுவரின் பழைய கலவை சுண்ணாம்புக் கலவையாக இருந்தால் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள், அதைவிடக் கடினமான கலவையை அங்கே வைக்கக் கூடாது.